நொண்டி நடக்கும் குழந்தை: வீட்டிற்கு அனுப்புவதா, அறுவை அரங்கிற்கு அழைத்துச் செல்வதா?

நேற்று மாலை வரை தெருவில் ஓடி விளையாடிய குழந்தை, காலையில் எழுந்ததும் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. அல்லது அந்தக் காலைத் தரையில் ஊன்றவே மறுக்கிறது. எங்கும் விழுந்ததாகத் தெரியவில்லை. காலில் காயமோ வீக்கமோ காணப்படவில்லை. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் இத்தகைய குழந்தைகளைப் பெற்றோர் எங்களிடம் தூக்கி வருகின்றனர்.

அவர்களுள் பெரும்பாலோரை மருந்து கொடுத்து வீட்டிற்கு அனுப்புகிறோம். மிகச் சிலரை அன்றிரவே அறுவை அரங்கிற்கு அழைத்துச் செல்கிறோம். புறநோயாளர் பிரிவில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரு குடும்பத்தாருக்கு இது புரியாத புதிராகத் தோன்றுவது இயல்பே. "அந்தப் பிள்ளைக்கு ஒரு சிரப் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள், எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஆபரேஷன்?" என்று கேட்பவர்கள் உண்டு. "நடக்கவே சிரமப்படுகிறான், ஓர் ஊசிகூடப் போடாமல் அனுப்புகிறீர்களே!" என்று வருந்துபவர்களும் உண்டு. இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். முதல் நாளில் ஒன்றுபோலத் தோன்றும் இருவேறு நோய்களை எப்படிப் பிரித்தறிகிறோம் என்பதே அந்த விடை.

ஒரே மூட்டு, இருவேறு நோய்கள்

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் பொருந்திய பந்தைப் போன்றது. தொடை எலும்பின் உருண்டையான தலைப்பகுதி பந்து. இடுப்பு எலும்பிலுள்ள குழி கிண்ணம். இரண்டின் மேற்பரப்பையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மூட்டைச் சுற்றிலும் உறுதியான ஓர் உறை உண்டு. அந்த உறையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று, மூட்டு உராயாமல் அசைவதற்கான சிறிதளவு நீரைச் சுரக்கிறது.

முதல் நோயில் இந்தச் சவ்வு சில நாட்களுக்கு அழற்சியுற்று, வழக்கத்தைவிட அதிகமாக நீரைச் சுரக்கிறது. பெரும்பாலும் 3 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளுக்கு, பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாக இது வருகிறது. ஓரிரு வாரங்களுக்கு முன் சளியோ தொண்டை வலியோ வந்து போயிருப்பதையும் பலரிடம் காண்கிறோம். மூட்டுக்குள் கிருமி இல்லை, சீழ் இல்லை. ஓய்வெடுத்தால் ஓரிரு வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். மருத்துவர்கள் இதனை 'டிரான்சியன்ட் சைனோவைட்டிஸ்' என்பர். இக்கட்டுரையில் தற்காலிக மூட்டழற்சி என்று குறிப்பிடுகிறோம்.

இரண்டாவது நோயில் பாக்டீரியாக் கிருமிகள் இரத்தத்தின் வழியாக மூட்டை அடைந்து, உள்ளே சீழ் பிடிக்கச் செய்கின்றன. பெரும்பாலும் இதற்குக் காரணமாவது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி. தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக வாழும் கிருமிதான் அது. 'செப்டிக் ஆர்த்ரைட்டிஸ்' எனப்படும் இந்நோயைச் சீழ் மூட்டழற்சி என்போம்.

சீழ் மூட்டழற்சியில் இரு கேடுகள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. கிருமிகளும், அவற்றை எதிர்க்க வரும் வெள்ளணுக்களும் வெளியிடும் நொதிகள் குருத்தெலும்பை அரிக்கத் தொடங்குகின்றன. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே அரிக்கப்பட்ட பகுதி மீண்டும் பழையபடி வளர்வதில்லை. மற்றொரு புறம், உறைக்குள் சேரும் சீழின் அழுத்தம், தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களை நசுக்குகிறது. இரத்தம் கிடைக்காத எலும்புத் தலை நலிந்து உருக்குலைகிறது. சில வேளைகளில் மூட்டே கிண்ணத்திலிருந்து விலகிவிடுகிறது. கால் குட்டையாகி, இடுப்பு இறுகி, வாழ்நாள் முழுவதும் நொண்டி நடக்கும் நிலை இதனால் ஏற்படலாம். இந்த அரிப்பு சில மணி நேரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. நோய் தொடங்கி நான்கைந்து நாட்கள் கடந்த பின் சீழ் வெளியேற்றப்படும் குழந்தைகளின் மூட்டுகள் முழுமையாகத் தேறுவது அரிதாகிறது.

ஒரு நோய் தானே ஆறிவிடும். மற்றொன்று காத்திருந்தால் மூட்டை அழித்துவிடும். இரண்டும் தொடக்கத்தில் காட்டும் முகம் ஒன்றே: இடுப்பில் வலி, நொண்டல், காலை அசைக்க மறுத்தல். பல குழந்தைகள் இடுப்பைச் சுட்டாமல் "முட்டி வலிக்குது" என்றே சொல்வர். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்வு தரும் நரம்பு பொதுவாக இருப்பதே காரணம். ஆகவே முழங்கால் வலி என்று வரும் குழந்தைக்கும் இடுப்பை அசைத்துப் பார்த்த பின்பே நாங்கள் முடிவு செய்கிறோம்.

நான்கு கேள்விகள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர் மினிந்தர் கோச்சரும் அவருடைய குழுவினரும், 1979 முதல் 1996 வரை இடுப்பு வலியுடன் அங்கு வந்த குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 1999-ஆம் ஆண்டு ஒரு கட்டுரையை வெளியிட்டனர். இவ்விரு நோய்களையும் பிரித்துக் காட்டுபவை நான்கு அறிகுறிகள் என்று அதில் அவர்கள் காட்டினர். எலும்பு மருத்துவர்களுக்கு இன்றும் முதற்கருவியாக விளங்குபவை இந்த நான்கும்தான்.

முதலாவது, காய்ச்சல். 38.5 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 101.3 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் இருந்ததா? இரண்டாவது, ஊன்றுதல். குழந்தை நொண்டியாவது நடக்கிறதா, அல்லது காலைத் தரையில் வைக்கவே மறுக்கிறதா? மூன்றாவது, இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டருக்கு 12,000-க்கு மேல் உள்ளதா? நான்காவது, இ.எஸ்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையின் அளவு மணிக்கு 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ளதா?

நான்கில் ஒன்றுகூட இல்லாத குழந்தைக்குச் சீழ் மூட்டழற்சி இருக்கும் வாய்ப்பு 500-இல் ஒன்றுக்கும் குறைவு என அக்குழு கணக்கிட்டது. ஒன்று இருந்தால் 100-க்கு 3. இரண்டு இருந்தால் 40. மூன்று இருந்தால் 93. நான்கும் இருந்தால் 99-க்கும் மேல்.

பிலடெல்பியா நகரின் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தோர் 2006-இல் இவற்றுடன் ஐந்தாவதாகச் சி.ஆர்.பி. என்னும் பரிசோதனையைச் சேர்த்தனர். உடலில் அழற்சி தோன்றினால் கல்லீரல் சுரக்கும் புரதம் இது. இதன் அளவு ஒரு லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் ஐயம் வலுக்கிறது. இ.எஸ்.ஆர். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், சி.ஆர்.பி. விரைந்து ஏறி விரைந்து இறங்கும். ஆகவே நோயை அறிவதற்கும், பின்னர் குணமாவதைக் கண்காணிப்பதற்கும் சி.ஆர்.பி. மிகவும் பயன்படுகிறது.

இரு குழந்தைகள், இரு முடிவுகள்

எங்களிடம் வரும் குழந்தைகளிடம் நாங்கள் காண்பவற்றைச் சேர்த்து அமைத்த இரு எடுத்துக்காட்டுகளை இங்கே தருகிறோம். இவை தனிப்பட்ட எவரையும் குறிப்பன அல்ல.

முதலாவது, ராஜபாளையத்தைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன். போன வாரம் சளி பிடித்திருந்தது. இன்று காலை முதல் வலக்காலைத் தாங்கி நடக்கிறான், ஆனாலும் நடக்கிறான். உடல் வெப்பம் 99.2 டிகிரி ஃபாரன்ஹீட். இடுப்பை உட்புறமாகத் திருப்பினால் முகம் சுளிக்கிறான். மெதுவாகச் செய்தால் ஓரளவு அனுமதிக்கிறான். வெள்ளணுக்கள் 9,800, இ.எஸ்.ஆர். 18, சி.ஆர்.பி. 4. நான்கு கேள்விகளுக்கும் விடை 'இல்லை' என்பதே.

ஸ்கேன் பார்த்ததில் மூட்டுக்குள் சிறிது நீர் இருப்பது தெரிந்தது. 'நீர் இருக்கிறது' என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் கலங்குவது வழக்கம். இரண்டு நோய்களிலும் நீர் சேரும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நீர் இருப்பதை ஸ்கேன் காட்டும். அது வெறும் நீரா, சீழா என்பதை ஸ்கேனால் உறுதியாகச் சொல்ல இயலாது. இச்சிறுவனின் மற்ற விடைகள் அனைத்தும் தற்காலிக மூட்டழற்சியையே சுட்டுகின்றன. ஆகவே எடைக்கேற்ற அளவில் ஐபுபுரூஃபன் மருந்தை உணவுக்குப் பின் கொடுக்கச் சொல்லி, ஓடாமல் ஓய்வெடுக்க அறிவுறுத்தி, மறுநாள் காலை கட்டாயம் மீண்டும் அழைத்துவருமாறு கூறி அனுப்புகிறோம்.

அந்த 'மறுநாள் காலை' என்பது வெறும் சம்பிரதாயம் அன்று. அதுவும் ஒரு பரிசோதனையே. தற்காலிக மூட்டழற்சியாக இருப்பின் ஓரிரு நாட்களில் நடை தெளியத் தொடங்கும். சீழ் மூட்டழற்சியின் தொடக்கமாக இருப்பின் வலி கூடும், காய்ச்சல் ஏறும், நேற்று நடந்த குழந்தை இன்று ஊன்ற மறுக்கும். அவ்வாறு மாறினால் காலை வரை காத்திராமல் இரவே வந்துவிட வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் உள்ள குழந்தைக்கு, டெங்கு இல்லையென்று மருத்துவர் உறுதிப்படுத்தும் முன் வீட்டில் ஐபுபுரூஃபன் கொடுக்கலாகாது. அது இரத்தக் கசிவுக்கு வழிவகுக்கக்கூடும்.

இரண்டாவது, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த மூன்று வயதுச் சிறுமி. இரண்டு நாட்களாகக் காய்ச்சல். வீட்டில் தெர்மாமீட்டர் 102.6 காட்டியிருக்கிறது. தாய் நூற்பாலையில் இரவு வேலைக்குச் சென்றிருந்ததால் பாட்டிதான் உடனிருந்து கவனித்திருக்கிறார். பேத்தி எழுந்து நிற்க மறுக்கிறாள் என்றும், இடுப்பில் தூக்கி வைத்தாலே வீறிடுகிறாள் என்றும் அவர் சொல்கிறார். படுத்திருக்கும்போது இடது தொடையை மடக்கி வெளிப்புறமாக விரித்தபடியே வைத்திருக்கிறாள். மூட்டு உறைக்குள் மிகுதியான இடம் கிடைப்பது அந்த நிலையில்தான். அழுத்தத்தைக் குறைக்கக் குழந்தை தானே கண்டுகொண்ட வழி அது. காலைச் சற்றே நீட்ட முயன்றாலும் அலறுகிறாள். வெள்ளணுக்கள் 16,400, இ.எஸ்.ஆர். 62, சி.ஆர்.பி. 88. நான்கு கேள்விகளுக்கும் விடை 'ஆம்', ஐந்தாவதும் அப்படியே.

இச்சிறுமிக்கு நாளைக் காலை வரை காத்திருப்பது முறையன்று. முதலில் கிருமி வளர்ப்புச் சோதனைக்காக இரத்தம் எடுக்கிறோம். பின்னர் மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் உதவியுடன் மூட்டுக்குள் ஊசியைச் செலுத்தி நீரை உறிஞ்சுகிறோம். இயல்பான மூட்டு நீர் தெளிந்து, வெளிர்மஞ்சளாக இருக்கும். இவளிடம் வந்ததோ கலங்கிய, கெட்டியான நீர். அதில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 50,000-க்கும் மேற்பட்ட வெள்ளணுக்கள். சீழ் என்பதற்கு இதுவே வலுவான சான்று. கிருமியின் பெயரைச் சொல்லும் வளர்ப்புச் சோதனையின் முடிவு வர இரண்டு நாட்களோ அதற்கு மேலோ ஆகும். அதற்காக அறுவையை நிறுத்தி வைப்பதில்லை.

மூட்டைக் கழுவுதல் என்பது என்ன?

"நல்ல ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் போதாதா?" என்பது நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி. இடுப்பு மூட்டைப் பொறுத்தவரை போதாது. மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் ஏற்கெனவே சேர்ந்துள்ள சீழையும் அதிலுள்ள அரிக்கும் நொதிகளையும் அது வெளியேற்றாது. எலும்பின் இரத்தக் குழாய்களை நசுக்கும் அழுத்தத்தையும் உடனே குறைக்காது. சீழ்க்கட்டியைக் கீறிவிடாமல் மாத்திரை மட்டும் தின்று ஆற்ற முயல்வதைப் போன்றதே அது.

ஆகவே தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பையொட்டிச் சில சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, மூட்டின் உறையைத் திறந்து சீழை வெளியேற்றுகிறோம். பின்னர் வெளிவரும் நீர் தெளியும் வரை சலைன் நீரால் மூட்டை மீண்டும் மீண்டும் கழுவுகிறோம். சவ்விலிருந்து சிறு துண்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். மேலும் ஊறும் நீர் வடிவதற்காக மெல்லிய குழாய் ஒன்றை ஓரிரு நாட்களுக்கு உள்ளே விட்டு வைக்கிறோம். தையலுக்கு வெளியே குழாயும் சிறு புட்டியும் தொங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டாம்; அது உள்ளே சீழ் மறுபடியும் தேங்காமல் காக்கிறது.

மாதிரி எடுத்த உடனேயே ஆன்டிபயாடிக் மருந்தை நரம்பு வழியாகத் தொடங்குகிறோம். மாதிரி எடுக்கும் முன்பே மருந்து கொடுத்தால் வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் தெரியாமல் போகும். ஆயினும் குழந்தை மிகவும் சோர்ந்து, கைகால்கள் சில்லிட்டு, இரத்தத்திலேயே கிருமி பரவிய நிலையில் வந்தால் மாதிரிக்காகக் காத்திருப்பதில்லை. உயிரைக் காப்பதே முதல் வேலை.

அறுவைக்குப் பின் சி.ஆர்.பி. அளவை ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை பார்க்கிறோம். அறுவையின் காரணமாக முதல் இரண்டு நாட்களில் அது சற்று ஏறக்கூடும். பின்னர் இறங்க வேண்டும். காய்ச்சல் தணிந்து, வலி குறைந்து, சி.ஆர்.பி.யும் இறங்கினால் ஊசியிலிருந்து வாய்வழி மருந்துக்கு மாற்றுகிறோம். மொத்தச் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரங்கள். அருகிலுள்ள எலும்பிலும் கிருமி புகுந்திருந்தால் இன்னும் நீளும். இரண்டு மூன்று நாட்களாகியும் காய்ச்சல் தணியவில்லை, சி.ஆர்.பி. இறங்கவில்லை என்றால், மூட்டை மறுபடியும் கழுவ நேரலாம். அது முதல் அறுவை தோற்றதன் அடையாளம் அன்று; சில குழந்தைகளுக்கு ஒரு முறை கழுவுவது போதாது என்பதே உண்மை.

வீடு திரும்பிய பின்பும் மருந்தை இடையில் நிறுத்தலாகாது. குழந்தை ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்காக மறுபரிசோதனையையும் விட்டுவிடலாகாது. எலும்புத் தலைக்கு இரத்தம் குறைந்ததன் விளைவு மாதங்கள் கழித்தே எக்ஸ்ரேயில் தெரியவரும். ஆகவே ஓராண்டுக்கும் மேலாகக் குறித்த காலங்களில் வரச் சொல்கிறோம்.

எண்கள் தடுமாறும் இடங்கள்

நான்கு கேள்விகளும் பிழையே செய்யாத தராசு அல்ல. பாஸ்டன் குழுவினரே புதிய குழந்தைகளிடம் அவற்றைச் சோதித்து 2004-இல் வெளியிட்டபோது, நான்கு அறிகுறிகளும் உள்ளவர்களில் 100-க்கு 93 பேருக்கும், மூன்று உள்ளவர்களில் 73 பேருக்கும் சீழ் மூட்டழற்சி இருக்கும் வாய்ப்பு எனக் கணக்கு மாறியது. அதே ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர்கள் தம் குழந்தைகளிடம் பார்த்தபோது, நான்கும் இருந்தும் வாய்ப்பு 59 மட்டுமே. ஒரு மருத்துவமனைக்கு எத்தகைய குழந்தைகள் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். ஆகவே எண்ணைப் பார்த்து மட்டும் நாங்கள் கத்தியை எடுப்பதில்லை. எண்ணைப் பார்த்து மட்டும் வீட்டிற்கு அனுப்புவதும் இல்லை.

இரண்டு அறிகுறிகள் மட்டும் உள்ள நடுத்தரக் குழந்தைகளிடம்தான் ஐயம் மிகுதி. அவர்களை மருத்துவமனையில் சேர்த்துச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை பரிசோதிக்கிறோம். ஐயம் தீராவிடில் ஊசியால் நீரை உறிஞ்சிப் பார்த்துவிடுகிறோம். நீர் தெளிவாக இருந்து, "வீணாக ஊசி குத்திவிட்டார்களே" என்று பெற்றோர் எண்ணக்கூடும். சீழை ஒரு நாள் தவறவிடுவதைவிடத் தெளிந்த நீரை ஒரு முறை எடுத்துப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக்கை ஓரிரு வேளை குடித்துவிட்டு வரும் குழந்தைகளிடமும் எண்கள் ஏமாற்றும். காய்ச்சல் பாதி தணிந்திருக்கும், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், வலியும் சற்று மங்கியிருக்கும். மூட்டுக்குள் சீழோ அப்படியே இருக்கும். நான்கு அறிகுறிகளில் இரண்டு மறைந்துபோனதால் தற்காலிக மூட்டழற்சி போலவே தோன்றும். 'ஏற்கெனவே மருந்து கொடுத்தோம் என்றால் டாக்டர் திட்டுவார்' என்று கருதிச் சிலர் இதனைச் சொல்லாமல் விடுவதுண்டு. தயவுசெய்து சொல்லுங்கள், முடிந்தால் அந்தப் புட்டியையே எடுத்து வாருங்கள். எங்கள் முடிவையே மாற்றக்கூடிய செய்தி அது.

மூன்றாவது இடம், கைக்குழந்தைகள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு மூட்டில் சீழ் பிடித்தாலும் காய்ச்சலே வராமல் இருக்கலாம். நடக்காத குழந்தையிடம் 'ஊன்றுகிறதா' என்று கேட்கவும் வழியில்லை. துணி மாற்றும்போது ஒரு தொடையை விரித்தால் மட்டும் வீறிட்டு அழுவது, ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருப்பது, பால் குடிக்க மறுப்பது ஆகியவையே அங்கு அறிகுறிகள். குறைமாதத்தில் பிறந்த, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த, தொப்புளில் புண் வந்த குழந்தைகளிடம் இன்னும் கூடுதல் கவனம் தேவை. இதனை 'உரம் விழுந்தது' என்று கருதி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும், வயதில் மூத்த குழந்தையாயின் 'சுளுக்கு' என்று கட்டுப் போடுவதும் நம் பகுதியில் உண்டு. சீழ் பிடித்த மூட்டை உருவுவதால் வலி மிகுமே தவிர, சீழ் வெளியேறாது. அதனினும் பெரிய இழப்பு, அங்கே கழியும் இரண்டு மூன்று நாட்கள்.

வாரக் கணக்கில் மெல்ல மெல்லக் கூடும் நொண்டல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை இருந்தால் அது இவ்விரு நோய்களும் அல்லாத ஒன்றாக, குறிப்பாக மூட்டுக் காசநோயாக இருக்கக்கூடும். அதற்கான பரிசோதனைகள் வேறு.

வரும் வழியில் நீங்கள் செய்ய வேண்டியவை

குழந்தை காலை ஊன்ற மறுத்து, உடன் காய்ச்சலும் இருந்தால், அந்த நாளே மருத்துவமனைக்கு வாருங்கள். வண்டி வசதி இல்லையெனில் 108-ஐ அழையுங்கள். புறப்படும் முன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: நொண்டல் தொடங்கிய நேரம், தெர்மாமீட்டர் காட்டிய மிகையான அளவும் அதன் நேரமும், கொடுத்த மருந்துகளின் பெயரும் நேரமும், கடைசியாகச் சாப்பிட்ட அல்லது பால் குடித்த நேரம். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றிருக்க, தாத்தாவோ பாட்டியோ குழந்தையைத் தூக்கிவரும் வீடுகளில் இந்தத் தாள் பெரிதும் உதவுகிறது. 'உடம்பு சுட்டது' என்பதைவிட '102.6, இரவு 9 மணி' என்பது எங்களுக்கு நூறு மடங்கு பயனுள்ள செய்தி. பாரசிட்டமால் கொடுத்ததால் மருத்துவமனையில் பார்க்கும்போது வெப்பம் இயல்பாக இருந்தாலும், முன்பு இருந்த அளவையும் நாங்கள் கணக்கில் கொள்கிறோம்.

கடைசி உணவின் நேரத்தைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு நிறைந்திருந்தால், உணவு மேலேறி மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடக்கூடும். திட உணவுக்கும் மாட்டுப் பாலுக்கும் பின் ஆறு மணி நேரமும், தாய்ப்பாலுக்குப் பின் நான்கு மணி நேரமும் இடைவெளி தேவை. அழும் குழந்தையைத் தேற்ற வழியில் பிஸ்கட்டும் பால்கோவாவும் கொடுத்துவிட்டால் அறுவை அதற்கேற்பத் தள்ளிப்போகும். தண்ணீர் கொடுக்கலாமா என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். தாகத்தோடு வாடவிட வேண்டியதில்லை.

சிறு குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கும் வல்லுநரும், அறுவைக்குப் பின் கவனிக்கும் பிரிவும் ஒரே நேரத்தில் கிடைக்காத இரவுகளில், குழந்தையை மதுரைக்கு அனுப்ப முடிவு செய்கிறோம். ராஜபாளையத்திலிருந்து அது ஏறத்தாழ 85 கிலோமீட்டர். இரவில் இரண்டு மணி நேரப் பயணம். அங்குள்ள மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, இரத்த மாதிரியை இங்கேயே எடுத்து, ஆன்டிபயாடிக்கை எப்போது தொடங்குவது என்பதையும் முடிவு செய்து, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தே அனுப்புகிறோம். அந்தக் கடிதத்தையும் எக்ஸ்ரே, ஸ்கேன் முடிவுகளையும் கையிலேயே வைத்திருங்கள். 'விடிந்ததும் போகலாம்' என்று வீட்டிற்குத் திரும்பிவிடாதீர்கள். விடியும் வரையிலான அந்த ஏழெட்டு மணி நேரத்திலும் சீழ் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

வீட்டிற்கு அனுப்பப்பட்ட குழந்தையின் பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் குழந்தைக்கு ஊசி போடாதது கவனக்குறைவால் அன்று. நான்கு கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்ததால்தான். ஆனால் அந்த விடை இன்றைக்கு உரியது. நாளைக் காலை மீண்டும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஆகவே குழந்தையுடன் வாருங்கள்.